நெட் ரன் ரேட்டா, நேருக்கு நேரா?

2019 உலகக் கோப்பையின் லீக் சுற்று முடிந்தபோது நியூசிலாந்துக்கும் பாகிஸ்தானுக்கும் தலா 11 புள்ளி. இருவருக்கும் 5 வெற்றி, 3 தோல்வி, மழையில் போன ஒரு ஆட்டம். அரையிறுதியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம். நியூசிலாந்தின் நெட் ரன் ரேட் +0.175, பாகிஸ்தானுடையது -0.430. நியூசிலாந்து உள்ளே போனது.

ஆனால் ஜூன் 26 அன்று எட்ஜ்பாஸ்டனில் இவர்கள் நேருக்கு நேர் மோதியபோது ஜெயித்தது பாகிஸ்தான். பாபர் ஆசம் 101 நாட் அவுட், 6 விக்கெட் வித்தியாசம். அந்தத் தொடரின் விதிப்படி புள்ளி சமமானால் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, அடுத்து நெட் ரன் ரேட், அதற்கும் பிறகுதான் நேரடி மோதல். இந்த வரிசை சரியா என்பதுதான் என் கேள்வி.

முதலில் கணக்கு. தொடர் முழுக்க எடுத்த ரன்களைக் கூட்டி, ஆடிய ஓவர்களால் வகுக்க வேண்டும். அதிலிருந்து, விட்டுக்கொடுத்த ரன்களை வீசிய ஓவர்களால் வகுத்து வரும் எண்ணைக் கழிக்க வேண்டும். வீட்டில் போட்டுப் பார்ப்பவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள். 13.4 ஓவர் என்றால் 13 ஓவரும் 4 பந்தும். கணக்கில் அது 13.67. ஓர் அணி ஆல் அவுட் ஆனால், எத்தனை ஓவரில் சுருண்டாலும் முழு ஒதுக்கீடான 50 ஓவரும் ஆடியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டாவது விதி எவ்வளவு கனமானது என்று பாகிஸ்தானின் முதல் ஆட்டம் காட்டும். டிரென்ட் பிரிட்ஜில் மேற்கிந்தியத் தீவுகளிடம் 21.4 ஓவரில் 105-க்கு ஆல் அவுட். கணக்கில் 105-ஐ 50-ஆல் வகுக்க 2.10. எதிரணி 13.4 ஓவரில் 108 அடித்தது, அது 7.90. ஒரே நாளில் -5.80. மறுநாள் கார்டிஃபில் நியூசிலாந்துக்கு நேர்மாறான அதிர்ஷ்டம். இலங்கை 136-க்கு ஆல் அவுட், விக்கெட் இழக்காமல் 16.1 ஓவரில் 137. அது +5.75.

இந்த இரண்டு முதல் ஆட்டங்களையும் எடுத்துவிட்டு மீதியைக் கூட்டிப் பார்த்தேன். பாகிஸ்தான் +0.119, நியூசிலாந்து -0.286. படம் அப்படியே தலைகீழ்! மற்ற ஏழு ஆட்டங்களில் பாகிஸ்தான்தான் மேலே. அந்த முதல் ஆட்டங்களின் பாரத்தால்தான் லார்ட்ஸில் வங்கதேசத்துக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் 315 அடித்தும், எதிரணியை 7 ரன்னுக்குள் சுருட்டினால்தான் அரையிறுதி என்ற நிலை வந்தது. ஷாஹீன் அஃப்ரிடி 6 விக்கெட் எடுத்தார், 94 ரன்னில் ஜெயித்தார்கள். ஆனால் வங்கதேசம் எட்டாவது ரன்னை எடுத்தபோதே அரையிறுதிக் கனவு முடிந்துபோயிருந்தது.

அப்படியானால் நேரடி மோதலையே முதலில் வைத்துவிடலாமா? இரண்டே அணிகள் சமமாக நின்று, ஒருவரோடு ஒருவர் ஒரே முறை ஆடியிருந்தால், வைக்கலாம் என்றுதான் சொல்வேன். மூன்று அணிகள் என்றால் சிக்கல். 1999 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் மூன்றும் தலா 6 புள்ளி. நியூசிலாந்து ஆஸ்திரேலியாவை வென்றது, ஆஸ்திரேலியா மேற்கிந்தியத் தீவுகளை வென்றது, மேற்கிந்தியத் தீவுகள் நியூசிலாந்தை வென்றது. வட்டம் சுற்றி வந்துவிட்டது. ரன் ரேட்தான் பிரித்தது. அங்கேயும் ஒரு உறுத்தல் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் ரேட் ரொம்பச் சரிந்துவிடக் கூடாது என்று, 111 ரன் இலக்கை ஆஸ்திரேலியா 40.4 ஓவர் வரை இழுத்தது. நியூசிலாந்தை வெளியே தள்ளப் போட்ட கணக்கு அது. நியூசிலாந்து ஸ்காட்லாந்தை வேகமாகத் துரத்தி ஜெயித்து உள்ளே வந்துவிட்டது. நேரடி மோதலை இப்படி மூன்றாவது அணி வளைக்க முடியாது.

ஐபிஎல்லில் கதை வேறு. 2024-இல் சென்னையும் பெங்களூருவும் தலா 14 புள்ளி. சேப்பாக்கத்தில் சென்னை, சின்னசாமியில் பெங்களூரு என்று மோதல் 1-1. நேருக்கு நேர் பார்த்தால் ஒன்றும் தேறாது, +0.459-க்கும் +0.392-க்கும் உள்ள இடைவெளிதான் பேசியது. சின்னசாமியில் நடந்த அந்தக் கடைசி ஆட்டத்தில் சென்னை ஜெயிக்க 219 தேவை, ஆனால் பிளே ஆஃபுக்குள் போக 201 போதும். கடைசி ஓவரில் 17 வேண்டும். முதல் பந்தை தோனி சிக்ஸருக்குத் தூக்கினார், அடுத்த பந்தில் அவுட். யஷ் தயாள் அதற்கு மேல் ஒரே ஒரு ரன்தான் கொடுத்தார். 191.