பரணில் இருந்த ஆறு டைல்ஸ் பெட்டிகள்: கடைக்குத் தரை போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காரைக்குடியில் ஜவுளிக் கடை நடத்தி வருகிறேன். 2022-ஆம் ஆண்டு கடையைப் புதுப்பித்தபோது, மொத்த விற்பனைக் கடை ஒன்றில் தரைக்கு டைல்ஸ் வாங்கினேன். பின்னாளில் உடைந்தால் மாற்றுவதற்காக ஆறு பெட்டிகளைக் கூடுதலாகக் கேட்டுக் கடிதம் எழுதி, பணமும் கட்டினேன். அந்த ஆறு பெட்டிகளும் என் தரைக்கு உதவாதவை என்பது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. கடையின் பெயரைக் குறிப்பிட நான் விரும்பவில்லை. நடந்தது என்ன, என் கடிதத்தில் இருந்த ஓட்டை என்ன என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கடையின் தரை 31 அடிக்கு 40 அடி, அதாவது 1240 சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல்ஸ், தந்த நிறம். ஒரு பெட்டியில் நான்கு கல் இருக்கும், அது ஏறத்தாழ பதினைந்தரை சதுர அடிக்கு வரும். எனவே தரைக்கு மட்டும் 80 பெட்டிகள். ஓரங்களில் வெட்டும்போது வீணாவதற்கு நான்கு பெட்டி சேர்த்து 84 பெட்டிகள் முதல் லாரியில் வந்து இறங்கின. வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி, "அண்ணே, கையிருப்புக்கு அஞ்சாறு பெட்டி இப்பவே வாங்கிப் போட்டுருங்க. அப்புறம் தேடினா கிடைக்காது" என்று சொன்னார். அன்று மாலையே கடைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். அதில் நான் எழுதிய வரி இதுதான்: "முன்பு அனுப்பிய அதே டைல்ஸில் மேலும் ஆறு பெட்டிகள் அனுப்பி வைக்கவும்."

"அதே டைல்ஸ்" என்ற அந்த இரண்டு சொற்களில்தான் நான் ஏமாந்தேன். வாங்குகிற நமக்கு அதன் பொருள், தரையில் ஏற்கெனவே கிடக்கும் கல்லோடு வேறுபாடு தெரியாமல் சேரும் கல் என்பது. விற்கிறவருக்கோ அதே மாடல் பெயர், அதே அளவு என்பதோடு முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது பேட்ச், அதாவது ஒரே தடவையில் சுட்டெடுத்த தொகுதி. சூளையில் சுமார் 1200 டிகிரி வெப்பத்தில் வேகும்போது கல் சுருங்குகிறது. மண்கலவையிலோ மேற்பூச்சிலோ சூளையின் சூட்டிலோ சிறிது மாறினாலும் நிறமும் மாறும், சுருங்கும் அளவும் மாறும். அதனால் ஒரே மாடலை இன்று சுட்டதற்கும் மூன்று மாதம் கழித்துச் சுட்டதற்கும் வேறுபாடு வரும். இதைத் தொழிற்சாலை மறைப்பதும் இல்லை. ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் பேட்ச் எண், நிறச் சாயலைக் குறிக்கும் ஷேட் எண், சுட்டபின் உள்ள அளவைக் குறிக்கும் சைஸ் எண் ஆகியவற்றை முத்திரையாகக் குத்தித்தான் அனுப்புகிறார்கள். பெரும்பாலான கடை ரசீதுகளில் அந்த எண்கள் ஏறுவதில்லை. என் ரசீதிலும் மாடல் பெயரும் அளவும் பெட்டிக் கணக்கும் மட்டுமே இருந்தன.

இந்த விஷயத்தில் நான் அசட்டையாக இருந்ததற்கு எங்கள் ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தக் கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கையால் ஊற்றி, நீரில் ஊறவைத்து எடுப்பார்கள். ஒரு கல் உடைந்தால் அதன் துண்டைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று காட்டினால், அச்சு இருக்கும்வரை புதிதாக வார்த்துக் கொடுப்பார்கள். நிறம் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். கைவேலைத் தரையில் அது உறுத்துவதும் இல்லை. தொழிற்சாலைக் கல்லுக்கு இந்த வழியே கிடையாது. அந்தப் பேட்ச் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஆறு பெட்டிகளும் மறுநாள் சிறிய வண்டியில் வந்தன. பெட்டிக்கு 960 ரூபாய் வீதம் 5,760 ரூபாய், அதுபோக வண்டி வாடகை. திறப்பு விழாவுக்குப் பத்து நாள்கூட இல்லாத நேரம் என்பதால், கட்டைப் பிரிக்காமலே பரணில் ஏற்றிவிட்டோம்.

2024-இல் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தரைக்கடியில் தண்ணீர்க் குழாய் கசிந்தது. பிளம்பர் ஏழு கற்களை உடைத்துத்தான் குழாயைச் சரிசெய்ய முடிந்தது. கையிருப்பு இருக்கிறதே என்ற நிம்மதியில் இரண்டு பெட்டிகளை இறக்கினோம். மேஸ்திரி ஒட்டுவதற்கு முன்பு நான்கு கற்களைப் பழைய தரையின் மேல் வைத்து, நடைவாசலில் போய் நின்று பார்த்தார். கையில் பிடித்துப் பார்த்தபோது ஒன்றுபோலவே தெரிந்த கல், நின்று பார்க்கையில், வாசல் வெளிச்சத்தில் தனித் தீவாகத் தெரிந்தது. பழைய தரை மஞ்சள் சாயல், புதிய கல் சாம்பல் சாயல். பிறகு அவர் முதல் லாரியில் வந்ததில் மிஞ்சிய ஒரு முழுக் கல்லையும் புதிய கல்லையும் சமதரையில் ஒட்டினாற்போல் நிறுத்தி, மேல் விளிம்பில் நகத்தை ஓட்டிக் காட்டினார். நகம் தடுக்கியது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் புதியது பெரிது. தரையில் கற்களுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளியே இரண்டு மில்லிமீட்டர்தான் என்பதால், நிறத்தைப் பொறுத்துக்கொண்டாலும் கோடுகள் நேராக வராது.

அப்போதுதான் பெட்டியை உற்றுப் பார்த்தேன். பக்கவாட்டில், முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், கடையின் பெயர் அச்சிட்ட வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் நனைத்துப் பிரித்தால் அடியில் ஷேட் 5 என்று இருந்தது. முதல் லாரியில் வந்த பெட்டி அட்டை ஒன்றைக் கிடங்குத் தட்டில் விரித்துப் போட்டிருந்தோம். நல்லவேளையாக அது கிழியாமல் இருந்தது. அதில் ஷேட் 3. ஆறு பெட்டிகளிலும் அதே இடத்தில் அதே தாள் ஒட்டியிருந்ததால், தற்செயலாக நேர்ந்த பிழை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கடைக்குப் படங்களோடு நேரில் சென்றேன். "மாடல் ஒண்ணுதான் சார், வெளிச்சத்துல அப்படித் தெரியும்" என்றார்கள். அட்டையைக் காட்டியதும், இரண்டு வருஷம் கழித்து வந்தால் என்ன செய்வது என்று பேச்சு மாறியது. வழக்கறிஞராக உள்ள உறவினரிடம் கேட்டேன். சொன்ன விவரப்படி சரக்கு இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 15-இலேயே உள்ளது என்றும், ஆனால் விவரம் என்று காட்ட என் கடிதத்தில் எண் எதுவும் இல்லை என்றும், நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் சரக்கை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும் என்றும் அவர் விளக்கினார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியது என்று நிறுவினால்தான் விலக்கு உண்டு. வழக்கை அதோடு விட்டேன். கல்லாப்பெட்டியைச் சுற்றிக் கறுப்பு கிரானைட் பட்டை போட்டு, உடைந்த இடத்தை அதற்குள் அடக்கிவிட்டோம். அதற்கான செலவு அந்த ஆறு பெட்டி விலையைவிடப் பல மடங்கு.

இந்த ஆண்டு தேவகோட்டையில் கிளை ஒன்றைத் தொடங்க 620 சதுர அடித் தரைக்கு வேறொரு கடையில் டைல்ஸ் வாங்கினேன். முதலில் கிடங்குக்குப் போய்ப் பெட்டி முத்திரையைப் பார்த்துவிட்டு வந்து எழுதிய கடிதத்தைக் கீழே தருகிறேன். வேண்டியவர்கள் தம் கணக்குக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பொருள்: ஒரே பேட்ச்சில் கூடுதல் பெட்டிகள் வேண்டுதல்

ஐயா,

வணக்கம். தங்கள் கிடங்கில் நான் நேரில் பார்த்துத் தேர்ந்த இரண்டடி விட்ரிஃபைட் டைல்ஸ், பேட்ச் 417, ஷேட் 3, சைஸ் 2 என முத்திரையிட்டவை, எனக்கு மொத்தம் 46 பெட்டிகள் தேவை. தரைக்கு 40, வெட்டுச் சேதத்துக்கு 2, வண்டியிலும் வேலையிலும் உடைவதற்கு 1, பிற்காலப் பழுதுக்குக் கையிருப்பாக 3 எனக் கணக்கிட்டுள்ளேன். 46 பெட்டிகளும் மேற்கண்ட மூன்று எண்களும் ஒத்தவையாக, ஒரே நடையில் வர வேண்டும். இந்த எண்களில் 46 பெட்டிகள் இருப்பில் இல்லையென்றால், வேறு பேட்ச்சைச் சேர்த்து நிரப்பாமல், பணம் கட்டுவதற்கு முன்பே தெரிவிக்க வேண்டுகிறேன். அப்போது முழு அளவும் கிடைக்கும் வேறொரு பேட்ச்சைத் தேர்ந்துகொள்கிறேன்.

ரசீதிலும் அனுப்புச் சீட்டிலும் மூன்று எண்களையும் குறிப்பிட வேண்டும். பெட்டி முத்திரையின் மேல் எந்தத் தாளும் ஒட்டக் கூடாது. இறக்கும்போது ஒவ்வொரு பெட்டியின் முத்திரையையும் பார்த்து, எண் மாறியவற்றை அதே வண்டியில் தங்கள் செலவில் திருப்பி அனுப்புவோம். இவற்றுக்குச் சம்மதம் எனில் இக்கடிதத்தின் நகலில் கையெழுத்திட்டு, கடை முத்திரையுடன் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

இந்தக் கடிதத்தில் உயிரான பகுதி, இருப்பில் இல்லையென்றால் முன்பே சொல்லுங்கள் என்ற வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைக்காரருக்கு நாணயமான ஒரு வழியை அது திறந்து வைக்கிறது. அந்த வழி இல்லாதபோதுதான் கிடங்கில் தேங்கிய உதிரிப் பெட்டிகள் நம் தலையில் வந்து விடிகின்றன. கையிருப்பு மூன்று பெட்டி என்பது பன்னிரண்டு கல். நம்மைப் போன்ற கடைக்கு ஒரு குழாய் வேலையையும், பீரோ நகர்த்தும்போது மூலை உடைவதையும் அது தாங்கும். தரைக்கடியில் குழாய்கள் அதிகம் ஓடுகிற இடமாக இருந்தால் ஐந்து பெட்டியாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

நகலில் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். லாரி வந்த அன்று பெட்டிகளை இறக்குவதற்கு முன்பே, என் தம்பி மகன் கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு முத்திரையாகப் படிக்க, நான் கடித நகலில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 43 பெட்டிகள் சரியாக இருந்தன. மூன்றில் ஷேட் 4 என்றிருந்தது. ஓட்டுநர் அங்கிருந்தே கடைக்குப் பேசினார். அவர்கள் மறுப்பேதும் சொல்லவில்லை. அனுப்புச் சீட்டில் "3 பெட்டி, ஷேட் மாற்றம், திருப்பி அனுப்பப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவற்றை அதே லாரியில் கொண்டு சென்றார். நான்காம் நாள் ஷேட் 3-இல் மூன்று பெட்டிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றை அங்கேயே பிரித்து, இரண்டு கற்களைத் தரையில் ஒட்டியவற்றின் பக்கத்தில் வைத்து, வாசலில் போய் நின்று பார்த்த பிறகுதான் பரணில் ஏற்றச் சொன்னேன்.