ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஆன்லைனில் மாத்திரையும் பலசரக்கும்: சில வருட அனுபவம்

நான் இருப்பது பெங்களூரில், அப்பாவும் அம்மாவும் உடன்குடியில். அப்பாவுக்குச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. ஊரடங்கு சமயத்தில் வேறு வழியில்லாமல் இங்கிருந்து ஆர்டர் போட ஆரம்பித்தேன், அது இன்றைக்கும் மாதாமாதம் ஓடுகிறது. எந்த ஆப் நல்லது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஆப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, தள்ளுபடியும் சுற்றிச்சுற்றி ஒரே அளவுதான். பார்சல் எப்போது போய்ச் சேரும், வாசலில் பணம் யார் கொடுப்பது என்ற இரண்டு விஷயத்தில்தான் எல்லாச் சிக்கலும் வருகிறது.

முதலில் நாள் கணக்கு. அப்பாவின் சுகர் மாத்திரை (கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது) அட்டைக்கு 15, காலையும் இரவும் ஒன்று. அதாவது ஒரு அட்டை ஏழரை நாள்தான் வரும். பிரஷருக்கு தெல்மிசார்டன் 40, அட்டைக்கு 10, தினம் ஒன்று, அது பத்து நாள். "கடைசி அட்டையைப் பிரித்ததும் சொல்லுங்கள்" என்று வீட்டில் சொல்லி வைப்பது பிரஷர் மாத்திரைக்கு ஓரளவு சரி, சுகர் மாத்திரைக்கு ரொம்பத் தாமதம். ஏனென்றால் ஆர்டர் போட்டதும் மருந்து கிளம்பிவிடாது. டாக்டர் சீட்டைப் பார்த்து அவர்கள் பக்கத்து பார்மசிஸ்ட் சரி சொல்ல வேண்டும், சீட்டு பழசாக இருந்தாலோ எழுத்து புரியாவிட்டாலோ போன் செய்வார்கள், அந்த போனை எடுக்காவிட்டால் ஆர்டர் அப்படியே நிற்கும். அப்புறம் பேக்கிங், கொரியர், திருச்செந்தூர் வரை வந்து அங்கிருந்து ஊருக்கு. ஆப்பில் மூன்று நாள் என்று காட்டும், நடுவில் ஒரு ஞாயிறும் ஒரு பண்டிகையும் வந்தால் ஒரு வாரம் போய்விடும். அதனால் சுகர் மாத்திரை இரண்டு அட்டை மிச்சம் இருக்கும்போதே அடுத்த ஆர்டரைப் போட்டுவிடுகிறேன், கையில் பதினைந்து நாள் இருக்கிறது என்று அர்த்தம்.

இது அதிகப்படியான ஜாக்கிரதை என்று தோன்றலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. எங்கள் பார்சல் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது, ஆப்பில் "நாளை வரும்" என்ற வரி மட்டும் தினமும் ஒரு நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் அட்டை இருந்ததால் அப்பாவுக்கு ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை.

போன் நம்பர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணக்கில் என் நம்பர், டெலிவரி முகவரியில் அம்மாவின் நம்பர். பார்மசிஸ்ட் கூப்பிட்டால் எனக்கு அடிக்கும், மருந்தின் அளவை நான் சொல்லிவிடலாம். கொரியர் தம்பி வழி கேட்டால் அம்மாவுக்கு அடிக்கும். அப்பா தெரியாத நம்பரை எடுக்கவே மாட்டார், அவர் நம்பரைக் கொடுத்திருந்த காலத்தில் "வீட்டில் ஆள் இல்லை" என்று பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அப்பா திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்.

ஓடிபி என் போனுக்கு வருவது தொல்லை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது வசதி. சில சமயம் கொரியர் ஆள் தூரத்திலிருந்தே போன் செய்து, "சார், ஓடிபி சொல்லுங்க, சாயங்காலம் அந்தப் பக்கம் வரும்போது கொடுத்துடறேன்" என்பார். சொன்ன அடுத்த நிமிஷம் ஆப்பில் "டெலிவரி ஆகிவிட்டது" என்று ஏறிவிடும், அப்புறம் பார்சல் வராவிட்டாலும் புகாரில் நம் பக்கம் நிற்காது. பை அம்மா கைக்கு வந்து, அம்மா எனக்கு போனில் சொன்ன பிறகுதான் ஓடிபி. ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாலும் இந்த ஒரு போனை எடுத்துவிடுவேன்.

பை வந்ததும் வீடியோ காலில் ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் அம்மா காட்டுவார்கள். நான் பார்ப்பது பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை. பிரஷர் மாத்திரையில் வெறும் 40 வேறு, 40 எச் வேறு, 40 ஏஎம் வேறு. எச் என்றால் கூடவே நீர் பிரியும் மருந்து இருக்கிறது, ஏஎம் என்றால் அம்லோடிபின் சேர்ந்திருக்கிறது. ஆப்பில் தேடினால் இவை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே மாதிரிப் படத்தோடு வரும். ஒருமுறை வெறும் 40-க்குப் பதில் ஏஎம் வைத்து அனுப்பியிருந்தார்கள், பில்லில் சரியாகத்தான் இருந்தது. "எய்யா, பேரு அதேதானே போட்டிருக்கு?" என்றார்கள் அம்மா. பிரிக்காத அட்டை என்பதால் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், ஒரு மாத்திரை கிழித்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டார்கள். எழுத்தையும் காலாவதித் தேதியையும் பார்த்த பிறகுதான் மாத்திரை டப்பாவுக்குள் போகும்.

பணத்தில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: வாசலில் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம், எல்லாம் நான் முன்கூட்டியே கட்டிவிடுவேன். கேஷ் ஆன் டெலிவரி பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் அது நேர்மாறு. யாரும் ஆர்டர் செய்யாத பார்சலைக் கொண்டுவந்து, பெங்களூரிலிருந்து மகன் போட்டது, 890 ரூபாய் கொடுங்கள் என்று சொன்னால் பாவம் அவர்கள் கொடுத்துவிடுவார்கள். எங்கள் தெருவிலேயே இது நடந்தது, பிரித்தால் உள்ளே பழைய துணி. வாசலில் பணமே கிடையாது என்று வீட்டுக்குத் தெரிந்திருந்தால், பணம் கேட்டு நிற்பவர் யாராக இருந்தாலும் அம்மா "எங்களுது இல்ல" என்று அனுப்பிவிடலாம். ரீஃபண்ட் விஷயத்திலும் இதுதான் நல்லது. முன்பணம் கட்டியது என் கணக்குக்கே திரும்பும். கேஷில் கொடுத்தால் வங்கி விவரம் கேட்பார்கள், அந்த இடத்தில்தான் போலி கஸ்டமர் கேர் ஆட்கள் லிங்க்கோடு நுழைகிறார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை என்பதை அப்பாவுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 நம்பரை போனுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

யுபிஐயில் பணம் போய் ஆர்டர் பதிவாகாமல் போவது அடிக்கடி நடக்கும். பதறி உடனே இரண்டாவது தடவை கட்ட வேண்டாம், கொஞ்ச நேரம் பொறுத்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் தெளிவாகிவிடும். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக்குப் போன யுபிஐ பணம் உறுதியாகாவிட்டால் ஐந்து நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். மருந்து அவசரம் என்றால் அந்த ஐந்து நாளைக்குக் காத்திருக்காமல் ஊர் மெடிக்கலுக்கே பணம் அனுப்பிவிடுவேன்.

பலசரக்கை ஆன்லைனில் வாங்குவதை ஏறக்குறைய விட்டுவிட்டேன். ஒரே ஆர்டர் மூன்று பார்சலாகப் பிரிந்து மூன்று நாளில் வரும், மூன்று ஓடிபி, எண்ணெய் பாக்கெட் கசிந்து கோதுமை மாவு நனைந்திருக்கும். இப்போது பஜாரில் அண்ணாச்சி கடைக்கு வாட்ஸப்பில் லிஸ்ட் போடுகிறேன், பையன் டிவிஎஸ் வண்டியில் கொண்டுபோய் அடுக்களை வரை வைத்துவிடுகிறான், அண்ணாச்சிக்கு நான் யுபிஐயில் அனுப்பிவிடுகிறேன். ஊரில் கிடைக்காத ஓட்ஸ், சுகர் பார்க்கும் மெஷினுக்கான ஸ்ட்ரிப் மாதிரிப் பொருட்கள் மட்டும் ஆன்லைன். மருந்தோடு இவற்றைச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுவதில்லை, ஒன்று தாமதமானால் மற்றதும் நிற்கிறது.

இன்சுலினை மட்டும் நான் ஆன்லைனில் தொடுவதே இல்லை. போன வருடம் அப்பாவுக்கு டாக்டர் எழுதினார். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள், நான்கு நாள் கொரியர் வேனில் தூத்துக்குடி வெயிலில் வந்தால் ஐஸ் பேக் எவ்வளவு தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை, பார்த்தாலும் கெட்டுப்போனது தெரியாது. திருச்செந்தூரில் ஃபிரிட்ஜ் உள்ள மெடிக்கலில் சொல்லிவைத்து, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கோடு போய் வாங்கி வருகிறார்கள். குப்பி ஐஸில் நேராகப் படாமல் துணி சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன், உறைந்தாலும் வீண்தான்.