மூன்று போகம் பாவித்த பதிவுச் செயலி: ‘மொ’ இருந்தும் மொட்டைக்கறுப்பன் இல்லை

செயலியின் சந்தாவைக் குறைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட முழங்காவில் நண்பர் போன வாரம் கேட்டார்: “அண்ணை, நீங்கள் பாவிக்கிற அந்த அப் எப்பிடி? எங்கட சங்கத்துக்கும் எடுக்கட்டோ?” வாயால் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பூநகரியில் எங்கள் கமக்காரர் அமைப்பின் பதிவுகளை மூன்று காலபோகமாக இந்தச் செயலியில்தான் வைத்திருக்கிறேன். 186 உறுப்பினர்கள். யாருக்கு எத்தனை ஏக்கர், என்ன நெல் விதைக்கிறார், சந்தா கட்டினாரா என்பதெல்லாம் அதற்குள். சிக்னல் இல்லாத வயல்வெளியில் நின்றும் பதியலாம், வீட்டுக்கு வந்ததும் தானாக மேலே ஏறிவிடும். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து ஆளின் பெயரோடு ஒட்டி வைக்கலாம். மழையில் நனைந்த கொப்பியை வெயிலில் விரித்துக் காயவைத்த எனக்கு இது பெரிய ஆறுதல். இந்த விஷயத்தில் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

குறை தேடலில்.

போன புரட்டாதியில் விதைநெல் பகிர்வதற்காக மொட்டைக்கறுப்பன் விதைக்கிறவர்களின் பட்டியல் எடுத்தேன். எங்கள் மானாவாரி நிலத்துக்கு அந்த நெல்தான் பேர்போனது, கேட்பவர்களும் அதிகம். தேடலில் ‘மொட்டைக்கறுப்பன்’ என்று அடித்தேன். 9 பேர் வந்தார்கள். அதை நம்பி மூட்டைகளைப் பிரித்தேன். பகிர்கிற அன்று ஒரு அக்கா சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு வந்து நின்றார். அவருடைய பெயர் ‘யோ’ என்று தொடங்கும். பெயரைப் போட்டுத் தேடினேன், “பதிவு இல்லை” என்று வந்தது. “என்ர பேர் இல்லையோ தம்பி? போன வருசமும் காசு கட்டினனான்” என்றார். வீட்டுக்குப் போய் இரண்டு பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

அன்றிரவு 186 பெயரையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அவர் இருந்தார். மொட்டைக்கறுப்பன்காரர் 9 பேர் அல்ல, 31 பேர்.

கண்ணுக்கு எல்லாம் ஒரே எழுத்து. வித்தியாசம் தெரிந்தது அழிக்கும்போதுதான். நான் போனில் அடித்த ‘மொ’வில் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் ‘ம’ மிஞ்சியது. பழைய பதிவில் உள்ள ‘மொ’வில் அழுத்தினால் ‘மெ’ மிஞ்சியது. அதாவது முன்னதில் ‘ொ’ ஒரே குறியாக இருக்கிறது. பின்னதில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக நிற்கின்றன. திரையில் எழுத்துரு இரண்டையும் ஒரேமாதிரி வரைந்துவிடுகிறது.

பழைய பதிவுகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தபோது விடை கிடைத்தது. முதல் பட்டியலை ஒரு தட்டச்சுக் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கினோம். பாமினியில் ‘மொ’ என்பது `nkh`. முதலில் கொம்பு, பிறகு ம, பிறகு கால். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வருடம் கடிதம், அறிவித்தல், கலியாண அட்டை எல்லாம் இப்படித்தான் அடிபட்டன. அதை யூனிகோடுக்கு மாற்றிய கருவி கொம்பை ம-வுக்குப் பின்னால் நகர்த்தியது, ஆனால் காலோடு சேர்க்காமல் விட்டுவிட்டது. ‘ோ’வுக்கும் இதே கதை. ‘யோ’ அக்கா காணாமல் போனது அதனால்தான்.

வவுனியாவில் கம்பஸ் படிக்கும் மருமகன் மடிக்கணினியில் இதைக் காட்டினான்:

```python
import unicodedata
a = "\u0bae\u0bca"         # மொ: ம + ஒரே குறி
b = "\u0bae\u0bc6\u0bbe"   # மொ: ம + கொம்பு + கால்
print(a == b)                                # False
print(unicodedata.normalize("NFC", b) == a)  # True
```

“மாமா, ரெண்டும் ஒண்டுதான் எண்டு யூனிகோட் விதியே சொல்லுது. அப் அதைக் கேக்கேல்லை” என்றான். ஒரே எழுத்துக்குச் சமமான இரண்டு வரிசைகள் இருந்தால், ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பெயர் இயல்பாக்கம். பதியும்போது ஒருதடவை, தேடும் சொல்லுக்கு ஒருதடவை, அவ்வளவுதான் வேலை. எனக்குக் கோபம் வந்தது இதைப் பார்த்த பிறகுதான். தயாரித்தவர்களுக்கு எழுதினேன். “எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்” என்று பதில் வந்தது. எழுத்துரு மறைத்து வைத்ததை எழுத்துருவை மாற்றி எப்படிக் கண்டுபிடிப்பது? இரட்டைப் பதிவு எச்சரிக்கையும் இதே காரணத்தால் வாய் திறக்கவில்லை. பெயர் கிடைக்காதபோது நான் புதிதாகப் பதிந்தவர்களில் 6 பேர் இரண்டு தரம் இருந்தார்கள், அவர்களுடைய சந்தா இரண்டு இடத்தில் பிரிந்து கிடந்தது.

சரி, எப்படிச் சரிப்படுத்தினோம்? பட்டியலை CSV கோப்பாக வெளியே எடுத்து, மருமகன் முழுவதையும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் NFC வடிவத்துக்கு மாற்றினான். திரும்ப ஏற்றியதும் மொட்டைக்கறுப்பனுக்கு 31 பேரும் வந்தார்கள். ஆனால் ஏற்றும்போது செயலி எல்லாவற்றையும் புதுப் பதிவாக எடுத்துக்கொள்கிறது, பற்றுச்சீட்டுப் படங்கள் பழைய பதிவோடு நின்றுவிடுகின்றன. படம் உள்ள 23 பேரின் புதுப் பதிவை நீக்கிவிட்டு, பழையதில் பெயரையும் நெல்லையும் போனிலேயே திரும்ப அடித்தேன்.

அப்புறமும் ஒன்று மிஞ்சியது. கௌதாரிமுனை. அங்கே எங்களுக்கு 12 உறுப்பினர்கள், தேடினால் 7 பேர்தான். மற்ற 5 பேருக்கும் யாரோ கொம்பு போட்டு, க எழுதி, பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தையே வைத்து ‘கெளதாரிமுனை’ ஆக்கியிருந்தார்கள். ‘ௌ’ குறியின் பின்பாதி பார்வைக்கு ள மாதிரியே இருக்கும், ஆனால் அது வேறு குறி. அந்தப் பின்பாதிக்கு U+0BD7, ள எழுத்துக்கு U+0BB3. கொம்பும் U+0BD7-ம் சேர்ந்து நின்றால் இயல்பாக்கம் அதை ‘ௌ’ ஆக்கிவிடும். ள நின்றால் தொடாது, தொடவும் கூடாது. இது சமமான வரிசை அல்ல, எழுத்துப்பிழை. கொம்புக்குப் பின்னால் ள வரும் இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வெளி, தெளிவு, வெள்ளம் எல்லாம் கெட்டுப்போகும். அந்த 5 பெயரையும் கையால்தான் திருத்தினேன். இதற்குச் செயலியைக் குறை சொல்லமாட்டேன்.

பட்டியலைத் திருத்த நேரமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. சிக்கலான எழுத்தை விட்டு மிச்சத்தைத் தேடுங்கள். ‘ட்டைக்கறுப்பன்’ என்று அடித்தபோது திருத்துவதற்கு முன்பே 31 பேரும் வந்தார்கள். ஆனால் ‘யோ’ அக்காவைப் போல பெயரின் தொடக்கமே சிக்கல் என்றால் மிச்சத்தில் பாதிச் சங்கமும் வந்து நிற்கும்.

நான் அடுத்த வருடத்துக்கும் காசு கட்டிவிட்டேன். வயலில் நின்று பதியும் வசதியை இனி விடமுடியாது, என் பட்டியலும் இப்போது சுத்தம். ஆனாலும் தம்பி, நீங்கள் எடுக்கவேண்டாம். உங்கள் சங்கத்தின் பட்டியலும் அதே பாமினியில் அடித்ததுதான், கேட்டுப் பார்த்தேன். எடுத்தே ஆகவேண்டும் என்றால், காசு கட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றி அதில் ‘கோ’ அல்லது ‘பொ’ உள்ள ஒரு பெயரை வெட்டி இலவசப் பதிப்பில் ஒட்டுங்கள். பிறகு அதே பெயரைப் போனில் அடித்துத் தேடுங்கள். வராவிட்டால் முதலில் பட்டியலை என்னிடம் அனுப்புங்கள், மருமகன் சித்திரை விடுமுறைக்கு வருவான்.