செயலியா, ஊர்க்கடைச் சேவையா? வவுனியா டெலிவரிப் பொடியனின் ஒரு வாரக் கணக்கு

வவுனியா நகரில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போகிறவர்களுக்கு இப்போது இரண்டு வழி. கொமிசன் பிடித்துக்கொண்டு, வாரத்தில் இத்தனை ஓர்டர் முடித்தால் மேலதிகமாக ஊக்கத்தொகை தரும் செயலி ஒன்று. கொமிசனும் இல்லை, ஊக்கத்தொகையும் இல்லை, ஓர்டருக்கு இவ்வளவு என்று பேசிய காசைத் தரும் உள்ளூர்ச் சேவை மற்றது. எதில் கூடக் காசு என்று கேட்டால் பெரும்பாலானோர் செயலி என்பார்கள். ஊக்கத்தொகை கிடைத்த வாரத்தை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கிடைக்காத வாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு.

கணக்குக்காகச் சில எண்களை எடுக்கிறேன். இவற்றை மாற்றி உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், செய்முறை மாறாது. பெற்றோல் லீற்றர் 300 ரூபா. வண்டி லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடுகிறது. ஒயில், டயர், செயின், பிரேக் தேய்மானத்துக்குக் கிலோமீற்றருக்கு 2 ரூபா ஒதுக்குகிறோம்.

செயலியில் சராசரிக் கூலி 220 ரூபா, கொமிசன் 15 வீதம், 60 ஓர்டர் முடித்தால் 3,000 ரூபா ஊக்கத்தொகை. உள்ளூர்ச் சேவையில் ஓர்டருக்கு 180 ரூபா. பின்னேரமும் இரவும் மட்டும் நின்றால் வாரம் 50 ஓர்டர் ஓடலாம் என்று வைப்போம்.

| | செயலி, 60 ஓர்டர் | செயலி, 57 ஓர்டர் | உள்ளூர்ச் சேவை, 50 ஓர்டர் |
|---|---|---|---|
| கொமிசன் போக | 11,220 | 10,659 | 9,000 |
| ஊக்கத்தொகை | 3,000 | 0 | 0 |
| பெற்றோல் | 3,600 | 3,420 | 1,667 |
| தேய்மானம் | 1,080 | 1,026 | 500 |
| கையில் மிச்சம் | 9,540 | 6,213 | 6,833 |
| வேலை நேரம் | 60 மணி | 60 மணி | 36 மணி |

நடு நிரலைக் கவனியுங்கள். மூன்று ஓர்டர் குறைந்ததற்கு 3,327 ரூபா போய்விட்டது. 60 மணித்தியாலம் வெயிலில் நின்றவர், 36 மணித்தியாலம் நின்றவரைவிடக் குறைவாக வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மணிக்கணக்கில் பார்த்தால் உள்ளூர்ச் சேவையில் 190 ரூபா, ஊக்கத்தொகை கிடைத்த வாரம் செயலியில் 159 ரூபா, தவறிய வாரம் 104 ரூபா.

பெற்றோல் செலவு இவ்வளவு வித்தியாசப்படக் காரணம் விலை அல்ல, வெறுமையாக ஓடும் தூரம். செயலி கூலி தருவது கடையிலிருந்து வீடு வரைக்கும். கடைக்குப் போகும் தூரமும், சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் தூரமும் எங்கள் கணக்கு. மேலே ஒரு ஓர்டருக்கு 9 கிலோமீற்றர் என்று போட்டிருக்கிறேன். அதில் கூலி கிடைப்பது 4 கிலோமீற்றருக்குத்தான். உள்ளூர்ச் சேவைப் பொடியன் கடை வாசலிலேயே நிற்பதாலும், ஓட்டம் நகருக்குள்ளேயே இருப்பதாலும் போய்வர 5 கிலோமீற்றரோடு முடிகிறது. கிளிநொச்சி போல ஏ9 வீதியோரமாகவும் உள்ளே குடியேற்றத் திட்டங்களாகவும் நீண்டு கிடக்கும் ஊரில் இந்த வெறும் ஓட்டம் இன்னும் கூடும்.

பெற்றோல் விலை ஏறினாலும் முதலில் அடி விழுவது இந்த வெறும் ஓட்டத்தில்தான். 2022 ஜூனில் 92 ஒக்டேன் 470 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். அந்த விலையில் இதே 12 லீற்றருக்கு 5,640 ரூபா. அதைவிட, கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். இந்த வண்டிக்கு அது 180 கிலோமீற்றர், செயலிக் கணக்கில் 20 ஓர்டர்.

இனி ஊக்கத்தொகைக்கு வருவோம். 3,000 ரூபாவை 60ஆல் பிரித்து "ஓர்டருக்கு 50 ரூபா கூட" என்று நினைப்பதுதான் பலரும் விடும் பிழை. அந்தக் காசு 60ஆவது ஓர்டர் முடியும்வரை யாருடையதும் அல்ல. அதனால் ஒரே ஓர்டருக்கு வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெறுமதி.

நகரிலிருந்து பம்பைமடுப் பல்கலைக்கழகப் பக்கம் ஒரு ஓர்டர் வருகிறது, தூரம் 10 கிலோமீற்றர், கூலி 480 ரூபா என்று வைப்போம். கொமிசன் போக 408. கடைக்கு ஒன்று, போகப் பத்து, வெறுமையாய் வரப் பத்து, மொத்தம் 21 கிலோமீற்றர். பெற்றோல் 140, தேய்மானம் 42. மிச்சம் 226 ரூபா, நேரம் ஏறத்தாழ 50 நிமிடம். குருமன்காட்டுக்கு 150 ரூபா ஓர்டர் என்றால் கொமிசனும் 5 கிலோமீற்றர்ச் செலவும் போக 84 ரூபாதான் மிஞ்சும். ஆனால் அதே 50 நிமிடத்தில் இரண்டு ஓடலாம்: 168 ரூபா, எண்ணிக்கையிலும் இரண்டு.

திங்கட்கிழமை பம்பைமடு ஓர்டர் நல்லது, தயங்காமல் எடுக்கலாம். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு 57இல் நிற்பவருக்கு அதே ஓர்டர் ஆபத்து. போய்த் திரும்புவதற்குள் கடைகள் அடுப்பை அணைக்கத் தொடங்கிவிடும். அதே ஞாயிறு 48இல் நிற்பவருக்கு 60 எட்டாது. அவர் ஊக்கத்தொகையை மறந்துவிட்டு, ஒவ்வொரு ஓர்டரும் தன் பெற்றோலைத் தாண்டி எவ்வளவு தருகிறது என்று மட்டும் பார்க்கவேண்டும். வேண்டாத ஓர்டர்களையும் துரத்தி இரவு பதினொரு மணிவரை ஓடுவது அவருக்குப் பெற்றோலும் களைப்பும்தான்.

இன்னொன்று, முடித்த விகிதம். எண்ணிக்கையோடு, ஏற்ற ஓர்டர்களில் இத்தனை வீதத்தை முடித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். அழைப்பு வரும்போதே விடுவதும், ஏற்றுவிட்டுக் கைவிடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் இந்த விகிதத்தைக் கெடுக்கிறது. 90 வீதம் நிபந்தனை என்றால், 60 முடித்தவர் ஏழு ஓர்டரைக் கைவிட்டிருந்தால் 67க்கு 60, அதாவது 89.6 வீதம், எண்ணிக்கை சரி, காசு இல்லை. கடையில் கொத்து அரை மணி தாமதம் என்றால், கோபத்தில் கைவிடாமல், கடைக்காரரைக் கொண்டோ உதவிச் சேவையைக் கொண்டோ ரத்துச் செய்விப்பதே புத்தி. அது உங்கள் பெயரில் விழுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள்.

"கையிலை நாலாயிரம் நிக்குது அண்ணை, நல்ல நாள்" என்று ஒரு தம்பி சொன்னான். அது வாடிக்கையாளர் தந்த சாப்பாட்டுக் காசு. அதிலிருந்து செயலிக்குக் கட்டவேண்டியதைக் கழித்தபோது அவன் உழைத்தது அதில் கால்வாசியும் இல்லை. காசு ஓர்டர் ஓடுகிறவர்கள் சேகரித்த காசையும் உழைத்த காசையும் வேறு வேறு பையில் வைத்தால்தான் பெற்றோல் எதிலிருந்து போகிறது என்று தெரியும்.

பகலில் தோட்டமோ மேசன் வேலையோ உள்ளவருக்கு உள்ளூர்ச் சேவையே மேல் என்பது என் முடிவு. முழு நேரமாக ஓடுகிறவர் கடந்த நான்கு வாரத்தை எடுத்துப் பார்க்கட்டும். மேலுள்ள எண்களின்படி, நான்கில் ஒரு வாரம் ஊக்கத்தொகை கிடைத்தால் சராசரி 7,045 ரூபா. 6,833ஐ அது தாண்டுவது 212 ரூபாவால். அதற்காக வாரம் 24 மணித்தியாலம் கூட நிற்கவேண்டும். மூன்று வாரம் கிடைத்தால் சராசரி 8,708 ரூபா, அப்போது செயலியில் நிற்கலாம். கணக்குப் போடுமுன் உங்கள் வண்டியின் 45ஐச் சோதியுங்கள்: தாங்கியை வாய்வரை நிரப்பி, வாரம் முழுக்க ஓடி, திரும்ப வாய்வரை நிரப்பும்போது போன லீற்றரால் ஓடிய தூரத்தைப் பிரியுங்கள். செம்மண் புழுதியில் காற்று வடிகட்டி அடைத்த வண்டி 35தான் தந்தால், 540 கிலோமீற்றருக்கு 15.4 லீற்றர் போகும். வாரம் ஆயிரம் ரூபாவுக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது.