தொண்டைக் கரகரப்புக்குக் காரணம் ஐஸா, வைரஸா? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்

திங்கட்கிழமை காலை எழுந்ததும் என் மகளுக்குத் தொண்டை கரகரத்தது. மத்தியானத்துக்குள் மூக்கும் ஒழுகத் தொடங்கியது. “நேற்று ராத்திரி ஐஸ் போட்டுப் பழச்சாறு குடித்தாளே, அதுதான்” என்றார் அம்மா. எனக்குச் சனிக்கிழமை மாலை நினைவுக்கு வந்தது. ஒரு பிறந்தநாள் விழாவில், மூக்கை உறிஞ்சிக்கொண்டும் தும்மிக்கொண்டும் இருந்த தோழியோடு அவள் மூன்று மணி நேரம் ஒட்டி உட்கார்ந்து விளையாடியிருந்தாள்.

ஆக, இரண்டு விளக்கங்கள். எது பொருந்துகிறது என்று பார்க்கக் கடிகாரம் கைகொடுக்கும்.

குளிர்ந்த பானம் தொண்டையைக் கடப்பது ஓரிரு நொடி. அங்கே ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் குளிர்ந்த இடம் விரைவிலேயே பழைய சூட்டுக்கு வந்துவிடுகிறது. குளிர்ச்சியால் கூச்சமோ இருமலோ வருவதானால் குடித்த கையோடு வர வேண்டும். பத்து மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, விடிந்ததும் வலியாக எழும்ப அந்தக் குளிர்ச்சி அங்கே மிச்சம் இல்லை.

வைரஸுக்கோ அந்த இடைவெளி கட்டாயம் தேவை. ஜலதோஷத்தை அதிகமாக உண்டாக்குவது ரைனோவைரஸ். அது மூக்கின் உட்புறச் செல்களில் நுழைந்து பெருகி, உடல் அதை எதிர்க்கத் தொடங்கிய பிறகே கரகரப்பும் ஒழுகலும் தெரியும். இதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கட்கிழமை காலை வரை சுமார் 36 மணி நேரம். கணக்கு சரியாக உட்காருகிறது. விழாவுக்கு வந்திருந்த என் மகன் ஐஸைத் தொடவே இல்லை. செவ்வாய்க்கிழமை அவனும் படுத்துவிட்டான். அதே பழச்சாற்றைக் குடித்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வீட்டுக் கதையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 1987இல் வெளியான அந்த ஆய்வில், ரைனோவைரஸ் ஜலதோஷம் உள்ளவர்களோடு ஆரோக்கியமானவர்களை உட்கார வைத்து 12 மணி நேரம் சீட்டாட வைத்தார்கள். ஆரோக்கியமானவர்களில் பாதிப் பேருக்குக் கை முகத்தை எட்டாதபடி தடுப்பு மாட்டினார்கள். அப்படியும் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. தடுப்பு இல்லாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். நோயாளிகள் கையாண்டு பிசுபிசுத்துப்போன சீட்டுகளை வேறொரு அறைக்குக் கொண்டுபோய் வேறு சிலரை ஆட வைத்தபோது ஒருவருக்கும் தொற்றவில்லை. ஒரே காற்றைப் பகிர்ந்துகொண்டதே அங்கே நோயைக் கடத்தியது. கை வழியாகப் பரவுவதே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மூக்கைத் துடைத்த ஈரக் கையிலிருந்து இன்னொருவர் விரலுக்கும், அங்கிருந்து அவர் மூக்குக்கும் கண்ணுக்கும் வைரஸ் போவதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குளிர்ச்சியின் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில் 90 பேர் 20 நிமிடம் குளிர்ந்த நீரில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாள்களில் அவர்களில் 13 பேர் ஜலதோஷ அறிகுறிகளைச் சொன்னார்கள். கால் நனைக்காத 90 பேரில் ஐந்து பேர்தான். ஏற்கெனவே உள்ளே பதுங்கியிருந்த வைரஸை உடல் குளிர்ச்சி தூண்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் அவர்களுக்கு உண்மையில் தொற்று இருந்ததா என்று பரிசோதிக்கவில்லை. சோதித்ததும் கால்களின் குளிர்ச்சியைத்தான், குடித்த பானத்தை அல்ல. மாறாக, 1968இல் வெளியான இன்னோர் ஆய்வில் ரைனோவைரஸை மூக்கில் செலுத்தியே பார்த்தார்கள். குளிரில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை.

பிறகு ஏன் இத்தனை பேர் ஐஸைக் குற்றம் சொல்கிறோம்? தொற்றின் தொடக்கத்தில் தொண்டை வறண்டு எரிகிறது. இதமாக இருக்கட்டும் என்று குளிர்ச்சியாக எதையாவது குடிக்கிறோம். மறுநாள் நோய் முழுதாக வெளிப்படும்போது கடைசியாகக் குடித்ததுதான் நினைவில் நிற்கிறது. ஐஸ் வழியாகக் கிருமி வரவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. ஒரே தம்ளரை மாற்றி மாற்றி வாய் வைத்துக் குடித்தால் எச்சில் வழியே தொற்றலாம். சுடுபானம் ஆறிய பிறகும் அப்படித்தான். அசுத்தமான நீரில் செய்த ஐஸ் வயிற்றைக் கெடுக்கும். இரண்டிலும் குற்றவாளி கிருமியே.

ஐஸைத் தடுப்பதோடு பலர் நின்றுவிடுவதுதான் எனக்குக் கவலை. தும்மும் பிள்ளையை மற்ற பிள்ளைகளோடு மூடிய அறையில் விட்டுவிட்டு, தம்ளரை மட்டும் பிடுங்கி வைக்கிறோம். மூக்கு ஒழுகலும் இருமலும் இல்லாமல், காய்ச்சலோடு திடீரென்று தொண்டை கடுமையாக வலித்தால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனையும் மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டும். “ஐஸ் குடித்த வலி, தானாகப் போய்விடும்” என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. என் மகளுக்கு இருந்தது சாதாரண ஜலதோஷம். செவ்வாய்க்கிழமை, விழுங்க முடியவில்லை என்று அழுதவளுக்குக் குளிர்ந்த பழச்சாற்றைத்தான் கொடுத்தேன். அது மட்டும்தான் வலிக்காமல் இறங்கியது.