நவம்பர் மாதம் கையில் எவ்வளவு இருக்கும்? திண்டிவனத்தில் ஒரு கடன் கடிதம்

இந்த முறை ஊருக்குப் போனபோது பெரும்பாலான நேரம் வங்கிக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கும் நடப்பதிலேயே போனது. தம்பி மரச்செக்கு போடுகிறான். இரண்டு வருடமாகப் பக்கத்து ஊர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டி, மாதம் 700 லிட்டர் கடலெண்ணெய் விற்றுக்கொண்டிருந்தவன். ஆர்டர் இன்னும் வருகிறது, ஆனால் அங்கே ஆட்ட நேரம் கிடைப்பதில்லை. சொந்தமாக இரண்டு செக்கு போட்டால்தான் முடியும் என்று முத்ரா கடனுக்கு விண்ணப்பித்திருந்தான். நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன் என்பதால், "அக்கா, நீ ஒரு தடவை பாரு" என்று கோப்பை என்னிடம் நீட்டிவிட்டான்.

கோப்பில் எல்லாம் இருந்தது. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு, மெஷின் கொட்டேஷன், இரண்டு வருட வங்கி ஸ்டேட்மென்ட், ஆடிட்டர் போட்ட ப்ராஜெக்ட் ரிப்போர்ட். (உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. ப்ரௌசிங் சென்டரில் 500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். டைப் அடித்த கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.) ரிப்போர்ட்டைப் பிரித்தால் வருட வாரியாக ஐந்து பத்தி, ஒவ்வொன்றிலும் விற்பனை பத்து சதவீதம் ஏறுகிறது, லாபமும் ஏறுகிறது. பேக்கரிக்கும் இதையே கொடுக்கலாம், டெய்லர் கடைக்கும் கொடுக்கலாம். கடலை எந்த மாதம் வாங்குவார்கள் என்பது எங்குமே இல்லை.

வங்கியில் கடன் பிரிவைப் பார்க்கும் அதிகாரி ஓர் இளம்பெண். மூன்று நிமிடம் புரட்டியிருப்பார். "லாபம் எல்லாம் சரிதான் மேடம். நவம்பர்ல கையில எவ்வளவு இருக்கும்?" என்றார். திண்டிவனம் பக்கம் ஆடிப்பட்டத்துக் கடலை வருவது அக்டோபர், நவம்பரில். செக்குக்காரன் மலிவாகச் சரக்குப் பிடிக்க வேண்டிய நேரம் அதுதான். ஆகஸ்டில் கடன் கொடுத்து, மூன்று மாதம் தவணை வேண்டாம் என்று மாரட்டோரியம் விட்டால், முதல் ட்யூ விழுவதும் அதே நவம்பரில். அவர் தொட்டது சரியான இடம். மாத வாரியாகக் காசு வரவு செலவையும் தவணை அட்டவணையையும் வைத்து ஒரு கடிதம் கொண்டுவரச் சொன்னார். மேனேஜர் வெளிமாநிலத்துக்காரர் என்பதால் ஆங்கிலத்தில் கொடுத்தோம். அதில் என்ன எழுதினோம் என்பதை இங்கே சொல்கிறேன், ஊரில் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் யாருக்காவது உதவும்.

முதல் பத்தியில் கேட்பது என்ன என்பதை மட்டும் எழுதினோம். செக்கு, வடிகட்டி, தராசு, கரண்ட் வேலை எல்லாம் சேர்த்து 8 லட்சம். அதில் தம்பியின் கைக்காசு 2 லட்சம், மாதத் தவணையில் அடைக்கும் டெர்ம் லோன் 6 லட்சம். இது தவிர, சரக்குப் பிடிக்க 3.75 லட்சத்துக்கு சிசி, அதாவது தேவைக்கு எடுத்து, காசு வரும்போது கட்டும் கணக்கு. இரண்டும் சேர்ந்தால் 9.75 லட்சம். முத்ராவில் தருண் பிரிவு 10 லட்சம் வரை போகும் என்பதால் அதற்குள் அடங்கிவிடுகிறது. சிறு தொழில்களுக்கு இந்த அளவு வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே அப்பாவின் வீட்டுப் பத்திரத்தைப் பற்றிக் கடிதத்தில் நாங்களாக ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஆடிட்டர் ரிப்போர்ட்டில் சரக்குக்கான பணத்தையும் டெர்ம் லோனிலேயே சேர்த்திருந்தார்கள். அதை மாற்றச் சொன்னேன். கடலை மூட்டை இரண்டு மாதத்தில் காசாகிவிடும், அதற்கு ஐந்து வருடம் ட்யூ கட்டுவானேன்?

அடுத்து ஒரு லிட்டர் கணக்கு. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டரை கிலோ பருப்பு போகிறது. கிலோ 110 என்றால் 275 ரூபாய். எண்ணெய் 280க்குப் போகிறது. இதை மட்டும் பார்த்தால் ஐந்து ரூபாய்த் தொழில். மீதி வருவது புண்ணாக்கில். லிட்டருக்கு 1.45 கிலோ விழுகிறது, கிலோ 40 என்றால் 58 ரூபாய். ஆக லிட்டருக்கு 63 நிற்கிறது. அதில் பாட்டிலும் லேபிளும் 10, கரண்ட் 5 போனால் 48. ஆள் கூலி 15,000, வண்டிச் செலவு 3,000 இரண்டும் எவ்வளவு ஆட்டினாலும் மாறாதவை.

இதை வைத்து மாதம் 1,000 லிட்டருக்குப் போட்டால், செலவெல்லாம் போக 30,000 நிற்கும். 6 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டியில் 60 தவணை என்றால் மாதம் 12,896. வீட்டுக்குத் தம்பி 10,000 எடுத்துக்கொள்கிறான். இந்தப் பத்தாயிரத்தைப் பல ரிப்போர்ட்டுகளில் காணோம். தொழில் செய்பவன் சாப்பிட மாட்டான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்களோ என்னவோ. வங்கிக்காரர் பார்க்கும் விகிதம், தவணை கட்டக் கிடைக்கும் காசைத் தவணையால் வகுத்தால் எவ்வளவு என்பது. வீட்டுச் செலவைக் கழிக்காவிட்டால் 2.33 வரும், கழித்தால் 1.55. நாங்கள் 1.55 என்றே எழுதினோம். அதிகாரி பென்சிலால் வட்டம் போட்டது அந்த எண்ணைத்தான். ஆடிட்டர் ரிப்போர்ட்டில் இருந்த விகிதம் மூன்றைத் தாண்டியது, அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

700 லிட்டரிலிருந்து 1,000 எப்படி ஆகும் என்ற கேள்விக்கு இரண்டு வைத்தோம். ஒன்று, இப்போதைய 700க்குச் சாட்சியாக வங்கி ஸ்டேட்மென்ட். தம்பி க்யூஆர் கோடு வைத்து விற்பதால் வரவு தினமும் கணக்கில் விழுகிறது. கையில் வாங்கியிருந்தால் இது இருந்திருக்காது. இரண்டாவது, மூன்று மளிகைக் கடைகளும் ஒரு மெஸ்ஸும் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்த ஆர்டர். அதற்குக் கீழே, விற்பனை ஏறவே இல்லை என்றால் என்ன ஆகும் என்றும் எழுதினோம். 700 லிட்டரிலேயே நின்றால் 15,600 மிஞ்சும். தவணை கட்டலாம், வீட்டுக்கு எடுக்க முடியாது, தம்பி மனைவியின் சம்பளத்தில் ஓட்ட வேண்டும். 645 லிட்டருக்குக் கீழே போனால் தவணையே இடிக்கும். "இதையெல்லாம் எதுக்கு நாமளே சொல்லணும்?" என்று தம்பி முறைத்தான். அந்த அதிகாரி கால்குலேட்டரை எடுத்தால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். நாம் முன்னாலேயே எழுதியிருந்தால் அடுத்த கேள்விக்குப் போவார், அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து விற்பனையில் இல்லை, பருப்பு விலையில் இருக்கிறது. கிலோவுக்கு 10 ரூபாய் ஏறி, எண்ணெய் விலையை ஏற்ற முடியாமல் போனால், மாதம் 25,000 போய்விடும். மிஞ்சும் முப்பதாயிரத்தில் ஐயாயிரம்தான் நிற்கும், தவணையில் பாதிகூட இல்லை. சிசி கேட்பதற்குக் காரணமே இதுதான் என்று கடிதத்தில் அழுத்திச் சொன்னோம். அறுவடை நேரத்தில் கிலோ 100க்குக் கிடைக்கும்போது, அந்த மாதத்துக்கு வேண்டியது போக, அடுத்த இரண்டு மாதத்துக்கான 5,000 கிலோவையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் 50,000 மிச்சம். 3.75 லட்சத்தை மூன்று மாதம் முழுதாக வைத்திருந்தால்கூட வட்டி பத்தாயிரத்தைத் தொடாது. சரக்கைப் பருப்பாக உடைத்து வைக்காமல் காயாகவே காயவைத்து அடுக்குவோம், வண்டும் பூஞ்சையும் குறைவு என்றும் ஒரு வரி சேர்த்தோம். சரக்குதான் சிசிக்கு ஈடு, அது கெட்டால் வங்கிக்கும் நஷ்டம்.

இப்போது அந்த நவம்பர். மாத அட்டவணையில் அந்த வரிசைக்கு மட்டும் கீழே தனியாக விளக்கம் எழுதினேன்.

வரவு: எண்ணெயும் புண்ணாக்கும் 3,38,000, சிசியிலிருந்து 3,75,000. மொத்தம் 7,13,000. செலவு: கடலை 7,50,000, மற்ற செலவு 33,000, தவணை 12,896, வீட்டுக்கு 10,000. மொத்தம் 8,05,896. துண்டு விழுவது 92,896.

இந்தத் துண்டுக்காகத்தான் நான் 1.25 லட்சம் கொடுத்தேன். சிசியில் சரக்கு மதிப்பில் 25 சதவீதம் நம் பங்காக இருக்க வேண்டும் என்றார்கள், 5 லட்சம் சரக்குக்கு அது 1.25 லட்சம். அதை எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். தம்பிக்குக் கடனாகக் கொடுத்தால் வங்கி அதையும் அவன் கடன் பட்டியலில் சேர்த்துவிடும், அல்லது வங்கிக் கடன் தீரும்வரை திருப்பி வாங்க மாட்டேன் என்று எழுதிக் கேட்கும். அதனால் அன்பளிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் கணக்கிலிருந்து நேராக அவன் கணக்குக்கு அனுப்பினேன். உடன்பிறந்தவர் கொடுக்கும் அன்பளிப்புக்கு வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இன்னொரு கடிதம் எழுதியிருப்போம்.

1.25 லட்சத்தோடு நவம்பர் தொடங்கினால் மாதக் கடைசியில் கையில் 32,104 இருக்கும். டிசம்பர், ஜனவரியில் கடலை வாங்குவதில்லை, மாதம் 2,82,104 மிஞ்சுகிறது. சிசியை முழுதாக அடைத்து, அதன் வட்டியும் போக, ஜனவரி முடிவில் 2 லட்சத்துக்கு மேல் இருக்கும். பிப்ரவரியில் மறுபடி சரக்கு.

தவணை அட்டவணையில் நாங்கள் செய்தது கொஞ்சம்தான். மாரட்டோரியத்தில் மாதா மாதம் வட்டி 5,250 கட்டிவிடுவதாக எழுதினோம், இல்லையென்றால் அது அசலில் ஏறிவிடும். முதல் தவணையில் வட்டி 5,250, அசல் 7,646. பன்னிரண்டு தவணை முடிந்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பான், அசலில் குறைந்திருப்பது 96,300 சுமார். தம்பிக்கு இதைக் காட்டியபோது முகம் சுருங்கியது. வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்பதால், அரை சதவீதம் ஏறினாலும் கட்ட முடியும் என்று ஒரு வரியும் போட்டோம். கடைகள் முந்தின மாதப் பாக்கியை ஐந்து தேதிக்குள் கொடுப்பதால் ட்யூ தேதியைப் பத்தாக வைக்கக் கேட்டோம்.

சேவை எப்படி என்று கேட்டால், அதிகாரி நல்லவர், கிளை நெரிசல். டோக்கன் மெஷின் இருக்கிறது, டோக்கன் எண்ணைக் கூப்பிட ஆளில்லை. மேனேஜரைப் பார்க்க மதியம் மூன்றுக்கு மேல் போனால் உட்கார வைத்துப் பேசுகிறார், காலையில் போனால் நின்றபடியே திருப்பி அனுப்புகிறார். ஆடிட்டர் அலுவலகத்தில் மட்டும் எரிச்சல். மாத அட்டவணை போட்டுக் கேட்டதற்கு, "முத்ராவுக்கு யாரும் இதெல்லாம் கேக்க மாட்டாங்க" என்றார்கள். கடைசியில் அட்டவணையை நான் எக்ஸெல்லில் போட, அவர்கள் சீல் வைத்துக் கொடுத்தார்கள்.

நான் சிங்கப்பூர் திரும்பிய பிறகு சாங்ஷன் கடிதத்தைத் தம்பி படம் எடுத்து அனுப்பினான். டெர்ம் லோன் கேட்டபடி 6 லட்சம், மூன்று மாத மாரட்டோரியம், தேதி பத்து. சிசி மட்டும் 3 லட்சம், ஆறு மாதம் கணக்கு ஒழுங்காக ஓடினால் கூட்டுவார்களாம். ஆகவே இந்த நவம்பரில் 5,000 கிலோவுக்குப் பதில் 4,000 கிலோதான் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். மாதா மாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும், மூட்டையை எண்ணி எழுதும் வேலையைத் தம்பி மனைவி எடுத்துக்கொண்டாள்.