ஓட்ட நேரத்தை வினாடியாக மாற்ற எக்செல்: பல சீசன் பயன்படுத்திய அனுபவம்

பள்ளி, மாவட்ட அளவிலான தடகளப் போட்டிகளில் ரிசல்ட் ஷீட் போடும் வேலை என்னுடையது. ஃபினிஷ் கோட்டிலிருந்து வரும் துண்டுச்சீட்டில் செஸ்ட் நம்பரும் நேரமும் இருக்கும். 800 மீட்டருக்கு 1:52.34 என்பதுபோல நிமிடம், வினாடி, வினாடியின் நூறில் ஒரு பங்கு. அதை மொத்த வினாடியாக, அதாவது 112.34 ஆக மாற்றிவிட்டால் ஹீட்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வரிசைப்படுத்தலாம், வித்தியாசம் பார்க்கலாம், புள்ளி போடலாம். இதற்கு எக்செலில் மூன்று வழிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது ஒன்றே ஒன்றில் நிற்கிறேன்.

எல்லோரும் முதலில் போவது எக்செலின் சொந்த நேரக் கணக்குக்குத்தான். செல்லில் 1:52.34 என்று அடித்தால் அதை நேரம் என்று புரிந்துகொண்டு, ஒரு நாளின் பின்னமாகச் சேமித்துக்கொள்ளும். 86400-ஆல் பெருக்கினால் 112.34 வந்துவிடும். திரையில் 01:52.3 என்று ஒரு இலக்கம் குறைவாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உள்ளே முழுதாகத்தான் இருக்கிறது. செல் ஃபார்மட்டை mm:ss.00 என்று மாற்றினால் தெரியும்.

சிக்கல், சீட்டு எழுதுகிறவர் ஒரே மாதிரி எழுதாததில்தான் இருக்கிறது. ஒருவர் 1:52 என்று மட்டும் எழுதியிருப்பார். எக்செலுக்கு அது ஒரு மணி 52 நிமிடம். பெருக்கினால் 6720 வரும். இன்னொருவர் 1:52:34 என்று எழுதுவார், அது 6754. வேறொருவர் நிமிடமே இல்லாமல் 59.87 என்று எழுதினால், அது ஐம்பத்தொன்பது நாள் ஆகி 51 லட்சத்தைத் தாண்டும். பட்டியல் முழுக்க ஒரே தவறு என்றால்கூட வரிசை சரியாக இருந்துவிடும். இரண்டு பேருக்கு மட்டும் இப்படி ஆனால், ஜெயித்த பையன் கடைசியில் போய் உட்காருவான்.

இரண்டாவது வழி, நிமிடம், வினாடி, நூறில் பங்கு என்று மூன்று தனித்தனி நெடுவரிசைகள். `=A2*60+B2+C2/100` போதும். பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் கைக்கடிகார நேரத்தில் வழுக்கும். ஸ்டாப்வாட்ச் நேரம் 1:52.7 என்று வந்தால் மூன்றாவது கட்டத்தில் 7 என்று அடிக்கத்தான் கை போகும். அது 0.07 ஆகிவிடும். கிடைக்கிற 112.07 பார்க்க நல்ல நேரமாகத்தான் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. சத்தமில்லாத தவறு என்றால் இதுதான்.

நான் தங்கிய இடம் மூன்றாவது வழி: புள்ளி, முக்காற்புள்ளி எதுவும் இல்லாமல் ஒரே எண்ணாக அடிப்பது. 1:52.34 என்றால் 15234. சீட்டைப் படித்துச் சொல்கிற பி.இ.டி. சாரும் அப்படித்தான் சொல்கிறார்: "ஒன்னு, ஐம்பத்திரண்டு, முப்பத்திநாலு." கணினியின் எண் விசைப்பலகையில் முக்காற்புள்ளி கிடையாது என்பதால் வலது கை ஒரே இடத்தில் இருக்கும். எண் A2-இல் இருந்தால் B2-இல் இது:

```
=IF(ISNUMBER(A2),ROUND(INT(A2/10000)*60+MOD(A2,10000)/100,2),"")
```

15234-ஐ 10000-ஆல் வகுத்தால் முழு எண் 1, அது நிமிடம். மீதி 5234-ஐ நூறால் வகுத்தால் 52.34 வினாடி. 60-ஐச் சேர்த்தால் 112.34. பத்து நிமிடம் தாண்டினாலும் பிரச்சினை இல்லை: 10:11.26 என்பது 101126, விடை 611.26. 400 மீட்டரில் ஒரு சீட்டில் 62.40 என்றும் அடுத்ததில் 1:02.40 என்றும் வரும். 6240 அடித்தாலும் 10240 அடித்தாலும் ஒரே 62.40 தான். பாதியில் விட்டவருக்கு DNF என்று அடித்தால் நேரக் கட்டம் காலியாகத் தெரியும், வரிசைப்படுத்தும்போது எண்களுக்குக் கீழே போய்விடும்.

இதில் எனக்குப் பிடித்தது, தவறு நடந்தால் கூச்சல் போடும் என்பதுதான். 1:05.07-க்கு 10507 அடிக்க வேண்டும். பூஜ்யங்களை விழுங்கி 157 என்று அடித்தால் விடை 1.57 வினாடி. 1:52.3-ஐ 1523 என்று அடித்தால் 15.23. 800 மீட்டரை அந்த நேரத்தில் யாரும் ஓட முடியாது. டேவிட் ருடிஷா 2012 லண்டனில் ஓடிய உலக சாதனையே 1:40.91, அதாவது 100.91 வினாடி. அதற்குக் கீழே போன நேரம் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மட்டிங் போட்டுவிட்டேன். இதிலும் நழுவுகிற ஒரு வகை உண்டு. 1:52-க்குப் பதில் 1:62 என்று விரல் தட்டினால் 122.34 வரும், நம்பும்படி இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு காவல்:

```
=IF(ISNUMBER(A2),IF(AND(A2>=10000,MOD(A2,10000)>=6000),"பார்",""),"")
```

ROUND எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கணினியின் தசமக் கணக்கில் கடைசியில் ஒரு தூசி ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேரும் 112.34 என்று திரையில் தெரிவார்கள், ஆனால் ஒருவருடையது எங்கோ பதினைந்தாம் இலக்கத்தில் வேறுபட்டால் RANK ஒருவருக்கு இரண்டாம் இடமும் மற்றவருக்கு மூன்றாம் இடமும் கொடுத்துவிடும். பெற்றோர் நம் மேஜையைச் சுற்றி நிற்கும்போது இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

கைக்கடிகார நேரமாக இருந்தால் இன்னொரு படி இருக்கிறது. தடகள விதிப்படி, ஸ்டாப்வாட்ச் நூறில் பங்கு காட்டினாலும் பத்தில் பங்குக்கு, அதுவும் மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். 1:52.34 என்பது 1:52.4 ஆகும். சாதாரண ROUND இதை 112.3 ஆக்கிவிடும், ஆகவே `=ROUNDUP(B2,1)`. ஃபோட்டோ ஃபினிஷ் நேரத்துக்கு இதைப் போடவே கூடாது, அங்கே நூறில் பங்குதான் அதிகாரபூர்வ நேரம்.

மொத்த வினாடி கட்டாயமாக வேண்டியது டெகாத்லானில்தான். ஆண்கள் 1500 மீட்டருக்குப் புள்ளி = 0.03768 × (480 − வினாடி)^1.85, தசமம் வெட்டப்படும். 4:30.00 என்றால் 270 வினாடி, 745 புள்ளி. 4:30-ஐ 4.30 நிமிடம் என்று எடுத்து 60-ஆல் பெருக்கினால் 258 வரும், புள்ளி 825 ஆகிவிடும். நான்கரை நிமிடம் என்பது 4.5 என்று மறந்த ஒரே காரணத்துக்காக 80 புள்ளி! சாம்பியன் பட்டமே கைமாறும்.

பதக்க அறிவிப்புக்கு மறுபடி நிமிடக் கணக்கு வேண்டுமென்றால் `=TEXT(B2/86400,"[m]:ss.00")` போடுங்கள். அச்சுக்குப் போவது இது, கணக்குக்கு B2.

ஒரு மணி நேரத்தைத் தாண்டும் நடைப் போட்டிக்கு இந்த ஷீட் ஆகாது. அங்கே சீட்டில் 1:02:15 என்று மணி, நிமிடம், வினாடி வரும். 10215 என்று அடித்தால் இந்தச் சூத்திரம் 62.15 வினாடி என்று சொல்லும். அதற்கு வேறு ஷீட் வைத்திருக்கிறேன், சூத்திரமும் வேறு:

```
=INT(A2/10000)*3600+INT(MOD(A2,10000)/100)*60+MOD(A2,100)
```

விடை 3735. இரண்டு ஷீட்டையும் ஒரே ஃபைலில் வைத்தால் டேபுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்துவிடுங்கள்.